புதுப்பிப்பு: தூசிப்பூச்சி ஊசியும் ஏறிய ஐஜிஇயும்

"தூசிப்பூச்சி ஒவ்வாமைக்கு ஆறு மாதமாக ஊசி போடுகிறேன், ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருளான ஐஜிஇ ரத்தத்தில் கூடியிருக்கிறதே, நிறுத்திவிடலாமா?" என்று போன வருடம் கேட்டிருந்தேன்.

நிறுத்தவில்லை. இப்போது பதினெட்டு மாதம். காலையில் போர்வையை உதறினால் இருபது தும்மல் வரும். இப்போது இரண்டு, மூன்று. தொடக்கத்தில் ஐஜிஇ ஏறும், அப்புறம் மெல்ல இறங்கும் என்று இங்கே ஒரு மருத்துவர் எழுதியது சரிதான். பூச்சியின் புரதம் ஊசி வழியாகச் சிறு அளவில் திரும்பத் திரும்பப் போகும்போது, ஒவ்வாமையை அடக்கிவைக்கும் டி செல்கள் பெருகி, ஐஜிஜி4 என்ற வேறொரு எதிர்ப்பொருள் உருவாகிறது. பூச்சியின் புரதத்தை ஐஜிஇ தொடுவதற்குள் அது பிடித்துக்கொள்கிறது.

"தடுப்பூசி மாதிரிதான்" என்ற நண்பர் பாதி சரி. இங்கே உடலைச் சண்டைக்குத் தயார்செய்யவில்லை, பொறுத்துக்கொள்ளப் பழக்குகிறோம்.

மகனுக்கு வேர்க்கடலையை வீட்டிலேயே துளித்துளியாகப் பழக்கலாமா என்று கேட்ட அக்கா, தயவுசெய்து வேண்டாம். திடீரென்று கடும் ஒவ்வாமை வந்துவிடலாம் என்றுதான், ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு என்னையே அரைமணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

மூன்று வருடம் முடித்து நிறுத்தியவர்கள் இருக்கிறீர்களா? தும்மல் திரும்பி வந்ததா?