பல்லசைட் உண்மையிலேயே கருவத்தின் விளிம்பில் உருவானதா?

மின்மினி:
கல் விண்கல் என்றால் உடைந்த கோளின் வெளிப்பகுதி, இரும்பு விண்கல் என்றால் அதன் கருவம், இரண்டும் கலந்த பல்லசைட் என்றால் கருவமும் அதைச் சுற்றியிருந்த கல் கவசமும் தொட்டுக்கொண்டிருந்த எல்லை என்றுதான் படித்திருக்கிறேன். பச்சை ஆலிவின் படிகங்களை இரும்பு சுற்றிப் பிடித்திருக்கும் துண்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அது பழைய விளக்கம் என்று ஒருவர் சொன்னார். எது சரி?

கரிசல்:
பழைய விளக்கம்தான், ஆனால் தவறில்லை. தொடக்கக் காலச் சிறுகோள்களுக்குள் கதிரியக்க அலுமினியம்-26 இருந்தது. அந்த வெப்பத்தில் உருகியபோது கனமான இரும்பு உள்ளே இறங்கியது, ஆலிவின் மேலே தங்கியது. இரண்டும் சேர்ந்திருக்கக்கூடிய ஒரே இடம் எல்லைதானே? முதலில் கான்டிரைட் எனும் உருகாத கல் உருவானது, அது உருகி இரும்பு வந்தது. வரிசை தெளிவாகவே இருக்கிறது.

வேதா:
கரிசல், இரும்பு பிரிந்து இறங்கியது பற்றி நீங்கள் சொன்னது சரி. எல்லை என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. எல்லையில் ஆலிவினும் உருகிய இரும்பும் சும்மா கலந்து நிற்காது. இரும்பின் அடர்த்தி ஆலிவினைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கொஞ்சம் அவகாசம் கிடைத்தாலே படிகங்கள் மேலே மிதந்து பிரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் குளிர்ந்த வேகம். பல்லசைட்டின் உலோகத்தில் நிக்கல் குறைந்த பட்டைகளும் நிக்கல் மிகுந்த பட்டைகளும் அடுத்தடுத்து இருக்கும். மெதுவாகக் குளிரக் குளிர, நிக்கல் அணுக்கள் நகர நேரம் கிடைக்கும். ஆகவே பட்டைக்குள் நிக்கல் எப்படிப் பரவியிருக்கிறது என்று அளந்தால் குளிர்ந்த வேகத்தைக் கணிக்கலாம். பெரும்பாலான பல்லசைட்டுகள் சேரும் முதன்மைக் குழுவில் அப்படி அளந்தபோது பத்து லட்சம் ஆண்டுக்கு 2.5 டிகிரி முதல் 18 டிகிரி வரை வந்தது. உலோகக் கருவம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதனால் அதன் விளிம்பு முழுக்க ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஆற வேண்டும். ஏழு மடங்கு வேறுபாடு என்றால் அவை வெவ்வேறு ஆழங்களில் இருந்தன என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கரிசல்:
எல்லாம் ஒரே சிறுகோளிலிருந்து வந்தவை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பல சிறுகோள்களின் எல்லைகள் என்றால் வேகமும் பலவாக இருக்கும்தானே.

வேதா:
நல்ல கேள்வி. ஈகிள் ஸ்டேஷன் வகைப் பல்லசைட்டுகளின் ஆக்சிஜன் ஐசோடோப் விகிதம் வேறு மாதிரி இருக்கும், அது வேறு சிறுகோள் என்பதில் சந்தேகமில்லை. நான் சொன்ன எண்கள் முதன்மைக் குழுவுடையவை. ஆக்சிஜனில் அவை நெருங்கியே நிற்கின்றன. ஆனாலும் அதை மட்டும் வைத்து ஒரே தாய் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

தேடல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு கனமான கறுப்புக் கல் இருக்கிறது. காந்தம் ஒட்டுகிறது, உடைந்த பக்கத்தில் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. சின்னச் சின்னத் துளைகளும் உண்டு. பல்லசைட் என்று வகைப்படுத்தலாமா? அதன் கருவம் பற்றியெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை.

வேதா:
துளைகள்தான் எனக்கு உறுத்துகின்றன. உலை கசடில் வாயுக் குமிழ் நின்ற இடம் அப்படித் துளையாகத் தெரியும். கசடிலும் ஆலிவின் படிகம் வளரும், இரும்புத் துளி இருந்தால் காந்தமும் ஒட்டும். ஒரு மூலையை அரத்தால் தேய்த்துப் பாருங்கள். பல்லசைட் என்றால் வெள்ளி போல மின்னும் உலோகம் தொடர்ச்சியான வலையாகத் தெரியும், ஆலிவின் அந்த வலையின் கண்களில் உட்கார்ந்திருக்கும். உறுதி செய்ய அந்த உலோகத்தில் நிக்கல் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். உங்கள் துண்டு கசடு என்பதே என் ஊகம்.

தேடல்:
தேய்த்தேன். உலோக வலை எதுவும் இல்லை, ஒரே சாம்பல் நிறம். நன்றி.

அருணா:
எல்லைக் கருத்தை என்னைக் கைவிடச் செய்தது காந்தச் சான்று. இமிலாக், எஸ்குவெல் என்ற இரண்டு பல்லசைட்டுகள் பழைய காந்தப்புலம் ஒன்றைப் பதிந்து வைத்திருக்கின்றன. 2012-இல் ஆலிவினுக்குள் சிக்கிய நுண்ணிய உலோகத் துகள்களில் அதை அளந்தார்கள், 2015-இல் உலோகத்தின் நிக்கல் மிகுந்த பகுதியிலும் கண்டார்கள். இந்த உலோகம் ஏறக்குறைய 360 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் காந்தப்புலத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் புலம் உண்டாக வேண்டுமென்றால் கருவம் இன்னும் உருகிய நிலையில் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். சல்பர் கலந்த இரும்பே என்றாலும் அதற்கு ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும்.

கரிசல் அண்ணா, கருவத்தை ஒட்டியே இருந்த கல் 360 டிகிரியிலும், பக்கத்திலுள்ள கருவம் ஆயிரம் டிகிரியிலும் எப்படி இருக்கும்? அந்தக் கல் மேலே, கவசத்தின் நடுவிலோ இன்னும் உயரத்திலோ இருந்திருக்க வேண்டும்.

கரிசல்:
இதற்கு என்னிடம் பதிலில்லை. அந்த இரண்டு கல்லுக்காவது எல்லைக் கருத்து பொருந்தவில்லை என்று ஏற்கிறேன். ஆனால் கவசத்துக்கு நடுவில் இரும்பு எங்கிருந்து வந்தது?

வேதா:
மோதல். இன்னொரு சிறுகோள் வந்து இடித்து, அதன் கருவத்தின் உருகிய உலோகம் இதன் கவசத்தில் விரிசல் வழியாகப் பாய்ந்தது. சில பல்லசைட்டுகளில் ஆலிவின் உடைந்து கூர் முனைகளோடு இருப்பதை இது நன்றாக விளக்குகிறது.

அருணா:
நான் அங்கே பிரிகிறேன். வெளி ஆள் தேவையில்லை. கருவம் வெளியிலிருந்து உள்நோக்கி உறையத் தொடங்கினால், மிச்சமிருக்கும் சல்பர் மிகுந்த திரவம் அழுத்தம் பெற்றுக் கவசத்துக்குள் ஏறலாம். இரும்பு எரிமலை என்றே அதைச் சொல்கிறார்கள். இடித்த சிறுகோளின் உலோகமா, சொந்த உலோகமா என்பதை இன்னும் யாரும் முடித்து வைக்கவில்லை.

வேதா:
சொந்த உலோகம் என்றால் அவ்வளவு சல்பர் எங்கே போனது? பல்லசைட்டில் நாம் பார்க்கும் இரும்பு சல்பைடு அதற்குப் போதாது என்பது என் எண்ணம்.

மின்மினி:
அப்படியானால் கல், இரும்பு, கல்-இரும்பு என்ற வகைப்பாடே பயனில்லையா?

வேதா:
கையில் இருக்கும் துண்டு எதனால் ஆனது என்று சொல்ல அது போதும். எங்கே உருவானது என்று சொல்லாது. 1967-இல் கண்டெடுத்த செய்ம்சான் விண்கல்லைப் பாருங்கள். முதலில் அதை இரும்பு விண்கல் என்றே வகைப்படுத்தினார்கள். 2004-இல் அதே இடத்தில் மேலும் துண்டுகள் கிடைத்தபோது அவற்றில் ஆலிவின் இருந்தது, பல்லசைட் என்று மாற்றினார்கள். அதில் கையகல அளவுக்கு வெறும் இரும்பாகவே இருக்கும் இடங்கள் உண்டு. முதலில் கிடைத்தது அந்தப் பகுதி, அவ்வளவுதான். அதனால்தான் இரும்பு விண்கற்களை நிக்கல், காலியம், ஜெர்மேனியம், இரிடியம் அளவுகளைப் பார்த்துக் குழு பிரிக்கிறோம். IIIAB போன்ற குழுவில் கருவம் படிப்படியாக உறைந்த தடம் தெரியும். IAB-யில் கல் துணுக்குகள் கலந்திருக்கும், அது முழுதாகப் பிரிந்த கருவம் அல்ல.

கரிசல் சொன்ன வரிசையையும் திருத்த வேண்டும். டங்ஸ்டன் ஐசோடோப் கணக்கில், பல இரும்பு விண்கற்களின் தாய்ச் சிறுகோள்கள் சூரியக் குடும்பத்தின் முதல் திடப்பொருள் உருவாகிப் பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே திரண்டுவிட்டன. நம்மிடம் உள்ள கான்டிரைட்டுகளின் தாய்ச் சிறுகோள்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு திரண்டவை. அலுமினியம்-26 ஏழு லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகிவிடும். பிந்தி வந்தவற்றுக்கு உருகும் அளவு சூடு மிச்சமில்லை.

கரிசல்:
அதாவது உருகாத கல்தான் தம்பி, இரும்பு அண்ணன். இதை நான் தலைகீழாக வைத்திருந்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பிரென்ஹாம் பல்லசைட்டில் ஆலிவின் உடைந்தில்லை, உருண்டையாக இருக்கிறது. உங்கள் மோதல் அதை எப்படி உருட்டியது?

வேதா:
மோதலுக்குப் பிறகு உலோகம் நீண்ட காலம் சூடாக இருந்தால் கூர் முனைகள் மழுங்கும். எவ்வளவு காலம் என்பதில்தான் கணக்குகள் ஒத்துப்போகவில்லை.

அருணா:
அந்தச் சூடு நீடிக்க வேண்டுமென்றால் ஆழம் வேண்டும். பிரென்ஹாமில் இமிலாக் போல வலுவான காந்தப் பதிவு கிடைக்கவில்லை. கருவம் உறைந்து புலம் கிளம்புவதற்கு முன்பே அது ஆறியிருந்தால் அது இன்னும் மேலே அல்லவா இருந்திருக்க வேண்டும்? உருண்டை ஆலிவினும் மேலான இடமும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று சொல்லுங்கள், பிறகு மோதலை ஏற்கிறேன்.