மேற்கோள் பதிவுகளை லைக்கால் வகுத்தால் எதிர்ப்பு தெரியுமா? என் பட்டியல் கோணலாக வருகிறது

தரவுக்காரி

முதுகலை ஆய்வேட்டுக்காக ப்ளூஸ்கையில் நகரப் போக்குவரத்து பற்றி வரும் ஆங்கிலப் பதிவுகளைத் திரட்டி வருகிறேன். சைக்கிள் பாதை, பஸ் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் என்று சண்டைக்குக் குறைவில்லாத விஷயங்கள். எந்தப் பதிவுக்கு எதிர்ப்பு அதிகம் என்று வரிசைப்படுத்த வேண்டும். பிடித்தவர் லைக் போட்டுவிட்டுப் போய்விடுவார், பிடிக்காதவர்தான் மேற்கோளிட்டுத் திட்டுவார் என்று எண்ணி இப்படிக் கணக்கிட்டேன்:

```python
score = p["quoteCount"] / p["likeCount"]
```

முதலிடத்தில் வந்திருப்பது, "உங்களுக்குப் பிடித்த ரயில் நிலையத்தின் படத்தோடு இதை மேற்கோளிடுங்கள்" என்ற பதிவு. 640 மேற்கோள், 210 லைக். அதில் ஒருவர்கூட யாரையும் திட்டவில்லை. அடுத்தது, சைக்கிள் பாதை போட்டால் கடைகளின் வியாபாரம் படுத்துவிடும் என்கிற பதிவு: 131 மேற்கோள், 88 லைக். இது நியாயம்தான், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாவது இடத்தில் வெறும் 4 மேற்கோளும் 3 லைக்கும் பெற்ற ஒரு பதிவு உட்கார்ந்திருக்கிறது.

நகரின் மையப் பகுதிக்குள் காரையே விடக் கூடாது என்ற பதிவோ அடிமட்டத்தில் கிடக்கிறது. 2,400 லைக், 190 மேற்கோள். திறந்து பார்த்தால் முதலில் தெரிபவை எல்லாம் கடும் எதிர்ப்பு. போதாததற்கு, லைக்கே இல்லாத பதிவு வந்தால் நிரல் `ZeroDivisionError` என்று நின்றுவிடுகிறது. சூத்திரத்தில் கோளாறா, எண்ணமே தவறா?

எண்கணக்கு

பிழைச் செய்திக்கு மருந்து எளிது. வகுக்கும் எண்ணோடு 1 கூட்டுங்கள், நிரல் நிற்காது. மற்றபடி உங்கள் எண்ணம் சரிதான். மேற்கோள் லைக்கைத் தாண்டினால் அந்த ஆள் அடி வாங்குகிறார் என்று பொருள். ட்விட்டர் காலத்திலிருந்தே எல்லோரும் அறிந்த விதி இது. 1 என்ற எல்லைக்கு மேலே இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையப் பதிவு ஒரு விதிவிலக்கு, கையால் நீக்கிவிட்டால் முடிந்தது.

மல்லிகைத்தோட்டம்

தங்கச்சி, பயப்படாதே. எனக்கும் இது நடந்தது. மல்லிகைப் பதியன் பற்றி ஒரு படம் போட்டேன், லைக்கைவிட மேற்கோள் அதிகமாக வந்துகொண்டே இருந்தது. ஊரே சேர்ந்து திட்டுகிறது என்று நினைத்து மேற்கோளிடும் வசதியை அணைத்துவிட்டேன். பதிவின் அமைப்புகளுக்குள் போனால் அதற்கான பொத்தான் இருக்கிறது. ஏற்கெனவே மேற்கோளிட்டவர்களின் பதிவிலிருந்து உன் பதிவைத் தனியே கழற்றிவிடவும் முடியும். பிறகு நிதானமாக வாசித்தபோதுதான், பெரும்பாலோர் "எங்கள் ஊரில் இந்த மாதத்தில் பதியன் போடுவோம்" என்று தங்கள் தோட்டத்துப் படத்தைச் சேர்த்திருந்தது தெரிந்தது.

தரவுக்காரி

அக்கா, திட்டு வாங்கியது நானில்லை, மற்றவர்கள் வாங்கியதை எண்ணிக்கொண்டிருக்கிறேன்! ஆனால் உங்கள் மல்லிகைக் கதை என் சூத்திரத்துக்கு நல்ல அடி.

பழைய_ட்விட்டர்வாசி

அவர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார். கூடவே, மேற்கோளை அணைத்து வைத்திருக்கும் பதிவுகளை உங்கள் தரவிலிருந்து விலக்கிவிடுங்கள். அவற்றில் பூஜ்யம் இருக்கும், கோபம் திரைப்பிடிப்பாக வேறெங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

எண்கணக்கு சொல்லும் "எல்லோரும் அறிந்த விதி" இதுவல்ல. 2017இல் ட்விட்டரில் புழக்கத்துக்கு வந்தது, பதில்கள் லைக்கையும் மறுபகிர்வையும் மிஞ்சினால் பதிவு அடி வாங்குகிறது என்கிற விதி. பதில் என்பது எழுதியவரின் முகத்துக்கு நேரே பேசுவது. மேற்கோளிடுபவர் தன்னைப் பின்தொடர்பவர்களைப் பார்த்துப் பேசுகிறார். "இந்த அபத்தத்தைப் பாருங்கள்" என்றும் சொல்லலாம், "இதைக் கட்டாயம் வாசியுங்கள்" என்றும் சொல்லலாம். எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான்.

இதற்குக் கையில் ஒரு சான்றே இருக்கிறது. 2020 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி, அக்டோபரில், ட்விட்டர் ஒரு மாற்றம் செய்தது. மறுபகிர்வுப் பொத்தானை அழுத்தினால் முதலில் மேற்கோள் எழுதும் பெட்டி திறக்கும். எதுவும் எழுதாமல் விட்டால் சாதாரண மறுபகிர்வாகப் போகும். அந்த நாட்களில் மேற்கோள் 26 சதவீதம் கூடியது, மறுபகிர்வு 23 சதவீதம் குறைந்தது என்று அந்த நிறுவனமே டிசம்பரில் அறிவித்து, மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அந்த மேற்கோள்களில் 45 சதவீதம் ஆமோதிக்கும் ஒற்றைச் சொல், 70 சதவீதம் 25 எழுத்துக்கும் குறைவு. ஒரே வாரத்தில் ட்விட்டர்வாசிகள் கால்வாசி கூடுதலாகச் சண்டை போட ஆரம்பித்துவிடவில்லை. பெட்டி திறந்தது, எதையோ தட்டிவிட்டுப் போனார்கள்.

ஆகவே இந்த விகிதம் எதிர்ப்பை அளக்கவில்லை. எத்தனை பேருக்குத் தன் வாயால் ஏதாவது சொல்லத் தோன்றியது என்பதைத்தான் அளக்கிறது. ரயில் நிலையப் பதிவு விதிவிலக்கு அல்ல, மேற்கோளைக் கேட்டு வாங்கும் பதிவுகள் ஒரு தனிச் சாதி. நீக்க ஆரம்பித்தால் நூறு கிடைக்கும்.

எண்கணக்கு

சரி, ஆனால் 131க்கு 88 என்ற பதிவை அது சரியாகத்தானே காட்டியது? அடியோடு உதவாது என்று தள்ளிவிட முடியுமா?

பழைய_ட்விட்டர்வாசி

தள்ள வேண்டாம். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று கைகாட்ட அது போதும், தீர்ப்பு எழுதத்தான் போதாது. அதையும் இரண்டு இடத்தில் செப்பனிட வேண்டும்.

முதலாவது, சிறு எண்கள். 1 கூட்டினால் பிழைச் செய்தி மறையும், நோய் மறையாது. 4க்கு 3 என்ற பதிவு 1.33இலிருந்து 1 ஆகும், அவ்வளவுதான், இன்னமும் மேலேயே நிற்கும். கீழே 20 கூட்டிப் பாருங்கள். அது 0.17க்கு இறங்கிவிடும், சைக்கிள் பாதைப் பதிவு 1.21இல் நிற்கும். 20 என்பது வேதவாக்கு அல்ல. உங்கள் தரவில் நடுத்தரமான ஒரு பதிவு எத்தனை லைக் வாங்குகிறதோ அதைப் போடுங்கள்.

இரண்டாவது, லைக்கை வகுக்கும் எண்ணாக வைத்ததுதான் கார் பதிவை அமுக்கிவிட்டது. 2,400 பேர் ஆதரவாக இருப்பதால் எதிர்ப்பவர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை, ஊர் இரண்டுபட்டிருக்கிறது, அவ்வளவே. அதனால் மேற்கோளை மறுபகிர்வோடு ஒப்பிட்டும் பாருங்கள்:

```python
q, r = p["quoteCount"], p["repostCount"]
share = q / (q + r) if q + r else None
```

பரப்பத் துணிந்தவர்களில் எத்தனை பேர் வாய்திறந்து பரப்பினார்கள் என்பது இது. ஒரு சொல்லும் சேர்க்காமல் பரப்புபவர் பெரும்பாலும் உடன்படுபவர்தான். ரயில் நிலைய வகையை இதுவும் பிடிக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு பதிவிலும் 30 மேற்கோளை எடுத்து வாசித்து, எதிர்ப்பு, ஆதரவு, வேறு என்று குறியுங்கள். `app.bsky.feed.getQuotes` வழியாக எல்லாவற்றையும் இறக்கி, அதிலிருந்து குலுக்கி எடுங்கள். முதல் பக்கத்தை மட்டும் எடுத்தால் ஒரே நேரத்தில் வந்த கூட்டம்தான் கிடைக்கும். எழுதியவர் தன்னையே மேற்கோளிட்டுத் தொடர்வதையும் கழித்துவிடுங்கள்.

தரவுக்காரி

செய்தேன், ஐயா. ரயில் நிலையம்: 30இல் எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. சைக்கிள் பாதை: எதிர்ப்பு 21, ஆதரவு 4, வேறு 5. அதன்படி 131இல் சுமார் 92 பேர் எதிர்க்கிறார்கள். முப்பதை மட்டும் வாசித்ததால் இது 72ஆகவும் இருக்கலாம், 111ஆகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் அந்த 88 லைக்குக்கு ஈடு கொடுக்கும் கூட்டம்.

கார் பதிவில்தான் வியப்பு. எதிர்ப்பு 12, ஆதரவு 13, வேறு 5. முதல் பக்கத்தில் நான் பார்த்த கடும் எதிர்ப்பெல்லாம் பின்னால் வந்தவை. தேதி வாரியாக அடுக்கினால் முதல் நாள் மேற்கோள்கள் பெரும்பாலும் பாராட்டு. பிறகு வேறு வட்டத்துப் பெரிய கணக்கு ஒன்று இதைக் கிண்டலாக மேற்கோளிட்டிருக்கிறது, அதிலிருந்துதான் தொனி மாறுகிறது.

மறுபகிர்வோடு ஒப்பிட்டதில் சைக்கிள் பாதை 94 சதவீதம் (மறுபகிர்வு 9 மட்டுமே), கார் பதிவு 24 சதவீதம். ரயில் நிலையம் 95 சதவீதம், நீங்கள் சொன்னபடியே ஏமாற்றியது.

பழைய_ட்விட்டர்வாசி

அந்தத் தொனி மாறும் இடம் உங்கள் ஆய்வேட்டில் தனி அத்தியாயமாகத் தகும். லைக் முதலில் வந்து அடங்கிவிடும், பின்தொடர்பவர்கள் கொடுப்பது. வெளிவட்டத்துக்குப் போன பிறகு மேற்கோள் ஏறும். ஆகவே ஒரு மணி நேரப் பதிவையும் ஒரு வாரப் பதிவையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். எல்லாவற்றையும் வெளியான 48 மணி நேரத்தில் எடுத்த எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது.

எண்கணக்கு

ஒரு கேள்வி. அந்தப் பெரிய கணக்கின் கிண்டல் மேற்கோளுக்கே எத்தனை லைக்?

தரவுக்காரி

3,100. மூலப் பதிவைவிட அதிகம்.

எண்கணக்கு

அப்படியானால் அதை எப்படி ஒரே ஒரு மேற்கோளாக எண்ணுவீர்கள்? அந்த 3,100 பேரும் எதிர்ப்பவர்கள்தானே. மேற்கோள்களின் லைக்கையும் கூட்டினால் கார் பதிவு பட்டியலில் மேலே வந்துவிடும்.

பழைய_ட்விட்டர்வாசி

எனக்கு உடன்பாடில்லை. கிண்டல் நன்றாக இருக்கிறதே என்று லைக் போடுபவர்கள் மூலத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கணக்குக்கு எத்தனை ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்பதைத்தான் அளப்பீர்கள். தனிப் பத்தியில் போடுங்கள், ஒரே மதிப்பெண்ணில் கலக்காதீர்கள்.

எண்கணக்கு

மூலப் பதிவின் 2,400 லைக்கும் அப்படித்தானே? அதை மட்டும் ஆதரவு என்று எடுத்துக்கொள்கிறோம்.

பழைய_ட்விட்டர்வாசி

அது நியாயமான கேள்வி. யோசிக்க வேண்டும்.

தரவுக்காரி

இரண்டையும் தனித்தனிப் பத்தியாக வைத்து வழிகாட்டியிடம் காட்டப் போகிறேன். அதற்குள் இன்னொரு சிக்கல்: "ஆமாம், ரொம்பச் சரி" என்று மட்டும் எழுதிய மேற்கோள்கள் சில இருக்கின்றன. நக்கலா, மெய்யா என்று தெரியவில்லை. நானும் தோழியும் தனித்தனியாகக் குறித்ததில் இவற்றில்தான் முட்டிக்கொள்கிறோம். இவற்றை "வேறு" என்பதில் போடுவதா, எழுதியவரின் மற்றப் பதிவுகளைப் பார்த்து முடிவெடுப்பதா?

மல்லிகைத்தோட்டம்

அவரிடமே கேட்டுவிடலாமே, தங்கச்சி?