கனசதுரத்திலிருந்து உருவாக்கிய கோளில் விரிசல்: கடலிலும் தெரிகிறது

அல்சூர், பெங்களூரு:
வணக்கம். பூமியின் அளவிலேயே, 6371 கி.மீ. ஆரத்தில் ஒரு கோளைக் கணினியில் உருவாக்கி வருகிறேன். கேமரா நெருங்க நெருங்க, கனசதுரத்தின் ஒவ்வொரு முகமும் நான்கு நான்காகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டிலும் 32×32 கட்டங்கள். பெரிய துண்டும் சிறிய துண்டும் சந்திக்கும் கோட்டில் கறுப்புக் கீற்றுகள் தெரிகின்றன. உயரத்தை இப்படித்தான் கணக்கிடுகிறேன்:

```
d = normalize(cubePos)
h = noise(d * freq)
pos = d * (R + h)
```

மாட்டுங்கா:
நாய்ஸில்தான் கோளாறு. முகத்துக்கு முகம் தனித்தனியாக u, v கொடுத்தால் விளிம்பில் உயரம் ஒட்டவே ஒட்டாது.

கரோல்பாக்:
எனக்கும் இதே தொல்லை! தரையில் இறங்கினால் மலையே நடுங்குகிறது. 32 பிட் எண்ணில் அந்த ஆரத்துக்கு அருகே அரை மீட்டருக்கும் நுண்ணிய இடைவெளி கிடையாது. கேமராவின் இடத்தை 64 பிட்டில் கழித்த பிறகே அனுப்புங்கள்.

மடிவாளா:
கரோல்பாக் நண்பரே, உங்களுடையது நடுக்கம். இது விரிசல், வேறு நோய். மாட்டுங்கா சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் இவர் திசையைத்தான் நாய்ஸுக்குக் கொடுக்கிறார்.

அல்சூர், `h = 0` என்று வைத்துப் பாருங்கள். சிறிய துண்டின் ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒரு முனைக்குப் பெரிய துண்டில் ஜோடி இல்லை. அங்கே பெரிய துண்டு நேர்க்கோடாகப் போகிறது, சிறியதன் முனையோ கோளத்தின் மேல் நிற்கிறது. இரண்டு முறை பிரிந்த துண்டில் ஒரு கட்டம் சராசரியாக 78 கி.மீ.; அதன் நடுவில் நேர்க்கோடு சுமார் 120 மீட்டர் தாழ்ந்துவிடும். பத்து முறை பிரிந்த பின் கட்டம் 305 மீட்டர், தாழ்வு வெறும் 2 மில்லிமீட்டர். அங்கே விரிசல் தெரிந்தால் அது மலை மேடுகளால் வருவது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. அடுத்தடுத்த துண்டுகள் ஒரு படிக்கு மேல் வேறுபடக் கூடாது. பெரிய துண்டைத் தொடும் ஓரத்தில் ஜோடியில்லாத முனைகளை விட்டுவிட்டு முக்கோணங்களை அடுக்குங்கள். ஒரு துண்டின் வெளிப்பக்கங்கள் இரண்டுதான் பெரிய துண்டைத் தொட முடியும் என்பதால் ஒன்பது அடுக்குமுறைகள் போதும்.

அல்சூர்:
உயரத்தைப் பூஜ்யமாக்கியதும் காலடியில் இருந்தவை மறைந்தன, தூரத்தில் இருந்தவை அப்படியே நின்றன. இப்போது உயரத்தோடும் முகத்துக்குள் ஒரு கீற்றுகூட இல்லை, மிக்க நன்றி! கனசதுரத்தின் விளிம்புகளில் மட்டும் மிச்சம். அடுத்த முகத்தில் இடம் வலம் திரும்பிவிடுவதால் பக்கத்துத் துண்டு தவறாகக் கிடைக்கிறது.

மடிவாளா:
திசை அட்டவணையே வேண்டாம். ஓரத்தின் நடுப்புள்ளியைச் சற்று வெளியே தள்ளுங்கள். x, y, z மூன்றில் குறி நீங்கலாக எது பெரியதோ அதுவே முகம். அந்தப் புள்ளியை அம்முகத்தின் தளத்துக்குக் கொண்டுவந்து, மேல் துண்டிலிருந்து இறங்கித் தேடுங்கள்.

அல்சூர்:
விளிம்புகளும் ஒட்டிவிட்டன. பக்கத்துத் துண்டு பிரியும் அந்த ஒரு ஃபிரேமில் மட்டும் கீற்று மின்னுகிறது. புதிய துண்டுகளை வேறு த்ரெட் தயாரிக்கிறது.

மாட்டுங்கா:
ஓரங்களிலிருந்து கீழே தொங்கும் பட்டை வையுங்கள், மறைந்துவிடும்.

மடிவாளா:
மறையும், ஆனால் சாய்வெயிலில் பட்டையின் நிழல் காட்டிக்கொடுக்கும். நான்கு பிள்ளைத் துண்டுகளும் அண்டைத் துண்டின் புதிய அடுக்கும் தயாரான பிறகு ஒரே ஃபிரேமில் மாற்றிப் பாருங்கள். வேகமாகப் பறக்கும்போது அது தாமதிக்கிறதா என்று சொல்லுங்கள்.