அமெரிக்கா நேரம் மாறியது, மூன்று பிள்ளைகள் வகுப்பைத் தவறவிட்டார்கள். இனி எந்த ஊர் நேரத்தைப் பிடிப்பது?

நெல்லை டீச்சர் (2026 மார்ச் 16)

வணக்கம். வீட்டிலிருந்தே ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை வகுப்பில் 5 பிள்ளைகள்: நியூஜெர்சியில் 3, டாலஸில் 1, லண்டனில் 1. போன நவம்பரில் தொடங்கியபோது நம்ம நேரம் இரவு 7:30 என்று வைத்தேன். அப்போது நியூஜெர்சியில் காலை 9, டாலஸில் 8, லண்டனில் மதியம் 2.

மார்ச் 8-ம் தேதி அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். 14-ம் தேதி நியூஜெர்சிக்காரர்கள் வழக்கம்போல் அவர்கள் 9 மணிக்கு உள்ளே வந்து காத்திருந்திருக்கிறார்கள். இங்கே மாலை 6:30. நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், போன் ஹாலில் கிடந்தது. 7:30-க்கு நான் வந்தபோது லண்டன் பாப்பாவும் டாலஸ் பையனும் மட்டும்தான். டாலஸ் அம்மா காலண்டரைப் பார்த்து வந்தாராம்.

இப்போது மூன்று வீட்டிலும் இந்த வகுப்புக் காசைக் கழிக்கச் சொல்கிறார்கள். மாதம் 40 டாலர் வாங்குகிறேன். அடுத்த சனிக்கு எந்த நேரம் சொல்வது? ஒருவருக்குச் சரிசெய்தால் இன்னொருவருக்கு இடிக்கிறது.

கோவை ரமா

டீச்சர், ரொம்ப யோசிக்காதீங்க. இந்திய நேரம் வருஷம் முழுக்க மாறாது. அதையே பிடிச்சுக்கோங்க. "இரவு 7:30, இந்திய நேரம்"னு குரூப்பில் பின் பண்ணிடுங்க. அவங்க ஊர்ல கடிகாரத்தை மாத்தினா கணக்குப் போட வேண்டியது அவங்கதான். நான் நாலு வருஷமா அப்படித்தான் ஓட்டறேன்.

ஸ்கார்பரோ அப்பா

நான் ஒரு பெற்றார் எண்ட முறையில சொல்லுறன். ரொறொன்ரோவிலயும் அதே நாளிலதான் நேரம் மாத்துறது. எங்கட வீட்டில சனி காலமை 9-க்குத் தமிழ், 10:30-க்கு நீச்சல். பிள்ளையளுக்கு 9 எண்டால் 9. திடீரெண்டு 10 எண்டால் நீச்சல் போச்சு. இந்திய நேரம் எங்களுக்கு நினைவில நிக்காது. அதோட இன்னொண்டு: மகளின்ர டீச்சர் அங்க காலமை 11:30-க்குக் குரல் பதிவு அனுப்புவா. இஞ்ச இரவு 2 மணி. போன் கத்த வீடே எழும்பும். அதுக்கும் ஆராவது ஒரு வழி சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை

ரமா மேடம் சொல்வது பாதி சரி. எல்லாப் பிள்ளைகளும் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அது போதும், அங்கே கடிகாரம் மாறுவதில்லை. அமெரிக்கப் பிள்ளைக்குச் சனிக்கிழமை என்பது பாட்டு, நீச்சல், பிறந்தநாள் என்று மணிக்கணக்கில் அடுக்கிய நாள். அங்கே அசையாத நேரம் அவர்கள் உள்ளூர் நேரம்தான். அசைய வேண்டியது டீச்சர்.

டீச்சர், உங்கள் வகுப்பில் பெரும்பாலோர் அமெரிக்கா. அதனால் நியூயார்க் காலை 9-ஐ ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் கோடையில் உங்களுக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. டாலஸுக்கு எப்போதும் 8.

லண்டன்தான் சிக்கல். அங்கே மார்ச் கடைசி ஞாயிறுதான் மாறும், இந்த வருஷம் 29-ம் தேதி. ஆகவே 21, 28 இரண்டு சனியும் அந்தப் பாப்பாவுக்கு மதியம் 1 மணி. ஏப்ரல் 4 முதல் பழையபடி 2 ஆகிவிடும். இலையுதிர்காலத்தில் இதே கதை ஒரே ஒரு வாரம் வரும்: லண்டனில் அக்டோபர் 25 மாறுகிறது, அமெரிக்காவில் நவம்பர் 1. நடுவே வரும் அக்டோபர் 31 சனி லண்டனுக்கு மறுபடி 1 மணி. இந்த வருஷத்துக்கு மொத்தமே நாலு சனி. அதில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது.

காலண்டரிலும் இதைச் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டரைத் திறந்து, வகுப்பைத் திருத்தப் போங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் `Time zone` என்று இருக்கும். அதில் நியூயார்க்கைத் தேர்ந்தெடுங்கள். சேமிக்கும் முன் காலை 9:00 என்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய 7:30 அப்படியே நின்றுவிட்டால் நியூயார்க் இரவு 7:30 ஆகிவிடும். கேட்கும்போது `This and following events` கொடுங்கள். இதற்குப் பிறகு நவம்பரில் உங்கள் போன் தானாகவே 7:30 காட்டும்.

பிரிஸ்பேன் வாத்தியார்

எனக்கும் இதே தொல்லைதான். சிட்னி, மெல்பர்ன் பிள்ளைகளுக்கு ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரம் பின்னே போகும், எங்கள் குயின்ஸ்லாந்தில் மாறவே மாறாது. ஒரே நாட்டுக்குள் இப்படி! டீச்சர், காலண்டரில் GMT என்று போட்டால் எல்லோருக்கும் பொதுவாக இருக்குமே?

கணக்குப்பிள்ளை

வாத்தியாரே, GMT-யும் நம்ம இந்திய நேரம் மாதிரி அசையாதது. ஐந்தரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நோய் அதேதான். லண்டன்காரர்களே கோடையில் GMT-யில் இருப்பதில்லை.

இதே காரணத்தால் பெற்றோருக்கு எழுதும்போது EST என்றும் போடாதீர்கள், அது நியூயார்க்கின் குளிர்கால நேரம். இப்போது அங்கே ஓடுவது கோடை நேரமான EDT. ஒரு அம்மா அதை நம்பி ஒரு மணி நேரம் தள்ளிக் கணக்குப் போட்டு வந்தார், பட்ட அனுபவம். "நியூஜெர்சி காலை 9, டாலஸ் காலை 8, லண்டன் மதியம் 1" என்று ஊர்ப்பெயரோடு எழுதினால் போதும்.

நெல்லை டீச்சர்

அண்ணா, காலண்டரை மாற்றிவிட்டேன், ஏப்ரல் 4-ல் லண்டன் 2 என்றே காட்டுகிறது. ஜூம் லிங்க்கை மாற்ற வேண்டுமா? பணத்துக்கு என்ன சொல்ல?

கணக்குப்பிள்ளை

ஜூமில் `Recurring meeting` வைத்து `No Fixed Time` கொடுத்திருந்தால் லிங்க் அப்படியே இருக்கும், நேரம் அதில் எழுதப்படாது. நேரத்தைக் காலண்டர் மட்டும் சொல்லட்டும். இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று பொய் சொல்லும்.

பணம் பற்றி என் கருத்து: மூவருக்கும் ஒரு ஈடுவகுப்பு கொடுத்துவிடுங்கள், தவறு நம் பக்கம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியது நாம்தான். காசைத் திருப்பாதீர்கள், வெளிநாட்டுப் பணத்தை வாங்கும்போதும் திருப்பும்போதும் நடுவில் இருப்பவன் எடுத்துக்கொள்வான். பிறகு மாதக்கட்டணத்தை விட்டு 8 வகுப்புக்கு 80 டாலர் என்று எண்ணிக்கையாக வாங்குங்கள். இந்த மே மாதத்தில் 5 சனி வருகிறது. மாதக்கட்டணத்தில் ஐந்தாவதை ஓசியில் எடுப்பீர்கள், அல்லது லீவு விட்டுக் கேள்வி வாங்குவீர்கள். எண்ணிக்கையில் அந்தப் பேச்சே இல்லை: "6 முடிந்தது, 2 மீதி" என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

கோவை ரமா

ஈடுவகுப்பு ஒருதரம் கொடுத்தா அப்புறம் சளி, விருந்து, எல்லாத்துக்கும் கேப்பாங்க. நான் கொடுக்கறதில்லை.

கணக்குப்பிள்ளை

அந்தப் பயம் நியாயம்தான். வராத பிள்ளைக்கு ஈடு கிடையாது, முந்தின நாளே சொன்னால் மட்டும் உண்டு என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். டீச்சர் வராததற்கு அந்த விதி பொருந்தாது. பெற்றோர் கண்ணுக்குப் போன சனி அப்படித்தான்.

ஸ்கார்பரோ அண்ணே, உங்கள் குரல் பதிவுத் தொல்லைக்கு வருகிறேன். இங்கே இரவு 7-க்கு மேல்தான் பெற்றோருக்கு எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். அங்கே காலை 9:30. அந்த டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரை அந்த ஒரு உரையாடலை மட்டும் `Mute` செய்துவிடுங்கள்.

நெல்லை டீச்சர் (மார்ச் 22)

நேற்று நியூஜெர்சிப் பிள்ளைகள் மூவரும் 9-க்கு வந்தார்கள். புதனும் வெள்ளியும் ஊர்ப்பெயரோடு நேரம் எழுதி அனுப்பியிருந்தேன். ஈடுவகுப்பு சொன்னதும் இரண்டு வீட்டில் சரி என்றார்கள், ஒருவர் மட்டும் இன்னும் பதில் போடவில்லை.

லண்டன் பாப்பா வரவில்லை. 1 மணிக்கு அவளுக்குப் பாட்டு வகுப்பாம். 28-ம் தேதியும் வர முடியாதாம். அவளுக்கு மட்டும் தனியாக அரைமணி எடுக்கட்டுமா, அந்த இரண்டு வகுப்பையும் எண்ணிக்கையில் சேர்க்காமல் விடட்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அக்டோபர் 31-க்கும் அதே பாட்டு வகுப்பு இருக்குமே.