புதுப்பிப்பு: அவரின் காலைச் சீனியும் குறட்டையும்

"இரவில் புட்டைக் குறைத்தும் வெறுவயிற்றுச் சீனி 160க்குக் கீழே இறங்குதில்லை, ஏன்?" இது என் கணவரைப் பற்றிப் போன மாதம் நான் இங்கே கேட்டது.

மாமி இன்னும் மாம்பழத்தைத்தான் குறை சொல்கிறா. ஒருவர் தன் மூக்கடைப்புக் கதையை எழுதினார், நன்றி, ஆனால் அது வேறு. தாதி அக்கா ஒருவர் மட்டும் "குறட்டை இடையில் நிற்கிறதா?" என்று கேட்டா. அன்றிரவு முழித்திருந்து பார்த்தேன். குறட்டை சடாரென்று நிற்கும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், இருபது செக்கன் கழித்து மூச்சுத்திணறி ஒரு இழுப்பு.

வீட்டிலேயே ஓர் இரவுப் பரிசோதனை செய்தோம்: மூக்கில் குழாய், விரலில் கிளிப், நெஞ்சில் பட்டி. மணிக்கு 34 தடவை மூச்சு தடைப்படுகிறதாம், 30க்கு மேலே போனால் கடுமை. ஒவ்வொரு தடவையும் ஒட்சிசன் விழ, உடம்பு பயந்து அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் விட, ஈரல் சீனியை இரத்தத்தில் கொட்டுகிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். படுக்கும்போது 130, எழும்பும்போது 165 என்ற எங்கள் கொப்பிக் கணக்கு அதோடு பொருந்துகிறது. விடியப்புறம் சும்மாவும் சீனி கூடுமாம், அதனால் முழுப்பழியும் குறட்டைக்கு இல்லை.

தூக்கத்தில் தொண்டை மூடாமல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும் சீபாப் மாஸ்க் போட்டு ஐந்து கிழமை. இப்போது 145 அளவில் நிற்கிறது. ஆனால் மூன்று மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடுகிறார், மூச்சுத்தடை கூடும் கனவுத்தூக்கம் அதற்குப் பிறகுதான் அதிகமாம். மாஸ்க் போட்டால் எல்லாருக்கும் சீனி இறங்கும் என்றில்லை, மாத்திரையை நிறுத்தாதே என்றும் டொக்டர் சொன்னார். மூன்று மாதச் சீனிச் சராசரி இனித்தான் எடுக்க வேண்டும்.