ஜப்பான் ரசீதில் 06.07.05: எந்த வருடம்?

ஒரு பழைய ஜப்பான் தையல் மெஷின் வாங்கப்போகிறேன், திருப்பூரில். கூடவே சர்வீஸ் ரசீதின் போட்டோ ஒன்று தந்தார்கள். அதில் தேதி வெறும் 06.07.05. விற்பவர் 2006 ஜூலை 5 என்கிறார். நான்கு நாளாக இதோடுதான் மல்லுக்கட்டு.

போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். 2005 ஜூலை 6 என்று வந்தது. ¥18,700 என்பதையும் சீன யுவான் ஆக்கிவிட்டது. இரண்டு நாட்டுக்கும் ஒரே குறி. கடை முகவரி ஒசாகா என்பதால் அது யென்தான்.

அப்புறம்தான் ஜப்பானில் பேரரசர் ஆட்சி ஆண்டையும் எழுதுவார்கள் என்று தெரிந்தது. ரெய்வா 6 என்றால் 2024, ஹெய்செய் 6 என்றால் 1994. சகாப்தப் பெயர் இருக்க வேண்டிய இடம் மடிப்பில் அழிந்துவிட்டது. ஆனால் மொத்தத்துக்குக் கீழே வரி 1,700 என்று இருக்கிறது. 17,000க்கு அது சரியாகப் பத்து சதவீதம். அங்கே 1994இல் வரி 3, 2006இல் 5. பத்தானது 2019 அக்டோபரில்தான்.

ஜப்பான் பில் பார்த்துப் பழகியவர்களே, இதை 2024 ஜூலை 5 என்று எடுத்துக்கொள்ளலாமா?