கலைச்சொல் தேவை: ஓடையில் ஊட்டச்சத்தின் சுருளோட்டமும் பற்றுத் தொலைவும்

ஆய்வு மாணவி, பினாங்கு:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கொடிமலைச் சரிவில் காட்டுக்குள் ஓடும் ஒரு சிற்றோடையில் அமோனியம் கரைசலைச் சேர்த்து அளவெடுத்த சோதனையைத் தமிழில் எழுதி வருகிறேன். ‘நியூட்ரியண்ட் ஸ்பைரலிங்’ என்ற நிகழ்வுக்கும், அதைச் சார்ந்த ‘அப்டேக் லெங்த்’ என்ற அளவுக்கும் சொற்கள் தேவைப்படுகின்றன. குளத்தில் ஒரு நைட்ரஜன் அணு நீரிலிருந்து பாசிக்குள் போய் மீண்டும் நீருக்கு வந்தால், அது ஏறத்தாழ அதே இடத்தில் சுற்றுகிறது. ஓடையிலோ, நீரில் கரைந்திருக்கும் நேரமெல்லாம் அந்த அணு கீழ்நோக்கி அடித்துச் செல்லப்படுவதால் வட்டம் நீண்டு சுருளாகிவிடுகிறது. கல்மேல் படிந்த பாசியோ, மக்கும் இலையில் வாழும் பூஞ்சையோ பிடித்துக்கொள்ளும் வரை அணு சராசரியாகக் கடக்கும் தொலைவைத்தான் இரண்டாவது சொல் குறிக்க வேண்டும். இப்போதைக்கு ‘ஊட்டச்சத்துச் சுழற்சி’, ‘உறிஞ்சல் நீளம்’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோலாலம்பூர்:

சுழற்சி என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது என்ற பொருள் வந்துவிடும். ‘சுழலோட்டம்’ என்றால் நீர்ச்சுழியை நினைப்பார்கள். ஆகவே ‘சுருளோட்டம்’ என்று வைக்கலாம். நீளம் ஒரு பொருளுக்கு உரியது, கடக்கப்படுவது தொலைவு. உறிஞ்சல் என்ற சொல் வேரையே நினைவூட்டுகிறது. சத்து நீரைவிட்டு நீங்குகிறது என்பதுதானே செய்தி? ‘நீக்கத் தொலைவு’ என்று எழுதினால் பள்ளி மாணவருக்கும் விளங்கும்.

நீரியல் விரிவுரையாளர், பினாங்கு:

சுருளோட்டம் என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். தொலைவு பற்றி ஐயா சொன்னதும் சரியே. ஆனால் ‘நீக்கம்’ என்ற சொல் சுருளையே அறுத்துவிடுகிறது. பிடிக்கப்பட்ட அணு ஓடையை விட்டுப் போவதில்லை. பாசி இறந்து மக்கும்போது மறுபடியும் நீருக்கு வருகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள வாக்கர் பிராஞ்ச் ஓடையில் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொண்டு நியூபோல்டும் அவருடைய குழுவினரும் செய்து 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முழுச் சுருளின் நீளம் 190 மீட்டர். அதில் 165 மீட்டர் நீரில் கரைந்த நிலையில் கடந்தது. எஞ்சிய 25 மீட்டர், பிடிக்கப்பட்ட பிறகு துகள்களோடும் உயிரினங்களோடும் நகர்ந்தது. இந்த இரண்டு பகுதிகளுக்கும் பெயர் வேண்டும் என்பதால் ஒரு பெயர் மற்றதைக் கெடுக்கக் கூடாது. முதலாவதைப் ‘பற்றுத் தொலைவு’ என்றும் இரண்டாவதை ‘விடுகைத் தொலைவு’ என்றும் சொல்லலாம். அமோனியம் களிமண் துகளில் ஒட்டிக்கொள்வதும், பாக்டீரியாவால் நைட்ரேட்டாக மாற்றப்படுவதும் இந்த அளவில் சேர்ந்தே வருகின்றன. ஆகவே உயிரினத்தை மட்டும் சுட்டும் சொல் போதாது. தங்கையே, உங்கள் எண்களைக் காட்டினால் சொல் பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

ஆய்வு மாணவி, பினாங்கு:

நன்றி ஐயா. ஓடையின் சராசரி அகலம் 2 மீட்டர். நீரோட்டம் விநாடிக்கு 12 லிட்டர். இயல்பான அமோனிய நைட்ரஜன் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம். அமோனியம் குளோரைடையும் சமையல் உப்பையும் ஒரே கரைசலாகச் சீரான வேகத்தில் விட்டு, கடைசி நிலையத்திலும் மின்கடத்துதிறன் ஏறுவது நின்று நிலைபெற்ற பிறகே மாதிரி எடுத்தேன். இயல்பளவைக் கழித்த பின், 20ஆம் மீட்டரில் அமோனியம் 36, மின்கடத்துதிறன் 30. 120ஆம் மீட்டரில் அமோனியம் 14.6, மின்கடத்துதிறன் 27. உப்பை எந்த உயிரும் பிடிப்பதில்லை என்பதால், 30 என்பது 27 ஆனது நிலத்தடி நீர் கலந்ததைக் காட்டுகிறது. ஆகவே அமோனியத்தை அதனால் வகுத்தேன். இடையிலுள்ள நிலையங்களும் அதே நேர்கோட்டில் விழுகின்றன.

```
36 / 30   = 1.20
14.6 / 27 = 0.541
ln(1.20 / 0.541) = 0.797
100 / 0.797 = 125
```

பற்றுத் தொலைவு 125 மீட்டர். இப்படி வகுக்காமல் அமோனியத்தை மட்டும் பார்த்திருந்தால் 111 மீட்டர் என்று வந்திருக்கும். கலந்த நீரால் ஏற்பட்ட செறிவுக் குறைவையும் உயிர்கள் பிடித்ததாகவே எண்ணியிருப்போம்.

சுற்றுச்சூழல் பொறியாளர், கோலாலம்பூர்:

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காங்கிரீட் கால்வாய் ஓடுகிறது. கழிவுநீர் கலப்பதால் அமோனியம் மிக அதிகம். உங்கள் கணக்குப்படி 125 மீட்டர் கால்வாய் இருந்தால் நீர் சுத்தமாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

நீரியல் விரிவுரையாளர், பினாங்கு:

இல்லை ஐயா. பற்றுத் தொலைவு ஒரு சராசரி. 125 மீட்டர் கடந்த பிறகும் சேர்த்ததில் 37 விழுக்காடு நீரிலேயே இருக்கும். பிடிக்கப்பட்டதும் பின்னர் திரும்பி வரும். அதோடு, காட்டோடையின் எண்ணைக் காங்கிரீட் கால்வாய்க்குக் கொண்டுபோக முடியாது. இயல்பளவே மிக அதிகமாக இருக்கும் இடத்தில், சேர்க்கும் சிறு அளவு அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடும். அங்கே எந்த முறை பொருந்தும் என்பதைத் தனியாகப் பேச வேண்டும்.

வேதியியல் பட்டதாரி, கோலாலம்பூர்:

காட்டோடைக்கும் 125 என்பது சரியான எண்ணாக இருக்காது. அமோனியத்தைக் கூட்டியதாலேயே பாசியும் பாக்டீரியாவும் ஓரளவு நிறைந்துபோய், பிடிக்கும் திறன் குறைந்து, தொலைவு நீண்டிருக்கும். குறைந்த அளவிலும் சேர்த்துப் பார்த்து, அந்தக் கோட்டைச் சேர்த்த அளவு சுழியம் ஆகும் இடம்வரை நீட்டினால் இயல்பான தொலைவு கிடைத்துவிடும்.

ஆய்வு மாணவி, பினாங்கு:

குறைந்த அளவிலும் சேர்த்தேன். ஓடைப்பகுதியில் சேர்க்கையின் பெருக்கல் சராசரி 8 மைக்ரோகிராமாக இருந்தபோது தொலைவு 101 மீட்டர். மேலே சொன்ன சோதனையில் அது 23, தொலைவு 125. சுழியம்வரை நீட்டினால் 88 மீட்டர் வருகிறது.

நீரியல் விரிவுரையாளர், பினாங்கு:

பாதித் தொலைவுதான் வந்திருக்கிறோம். 88 மீட்டர் என்பது, ஏற்கெனவே 20 மைக்ரோகிராம் இருக்கும் ஓடையில் மிகச் சிறு அளவைக் கூடுதலாகச் சேர்த்தால் அந்தக் கூடுதல் கடக்கும் தொலைவு. அந்த 20ஐப் பிடிப்பதிலேயே உயிர்கள் ஓரளவு நிறைந்திருப்பதால், புதிதாக வருவது சற்று மெதுவாகவே பிடிபடும். ஓடையில் இயல்பாகவே உள்ள அமோனியத்தின் தொலைவு வேண்டுமென்றால், பிடிப்பு மைக்கேலிஸ்–மென்டன் வளைவின்படி நடக்கிறது என்ற அனுமானத்தில், கோட்டைச் சுழியத்தையும் தாண்டி இயல்பளவு தூரம் பின்னுக்கு, அதாவது –20 வரை நீட்ட வேண்டும். ஒரு மைக்ரோகிராமுக்கு 1.6 மீட்டர் வீதம் 32 குறைந்து 56 மீட்டர் ஆகிறது. இதனால் விளையும் வேறுபாடு சிறிதல்ல: 125ஐக் கொண்டு கணக்கிட்டால் ஓடைப்படுகை ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 83 மில்லிகிராம் நைட்ரஜனைப் பிடிக்கிறது, 56ஐக் கொண்டால் 185. ஆனால் இரண்டு புள்ளிகள் இருந்தால் எந்தக் கோடும் பொருந்தத்தான் செய்யும். மூன்றாவது ஓர் அளவிலும் சேர்த்துப் பார்க்காமல் 56ஐ அச்சுக்கு அனுப்ப வேண்டாம். பிற்பகல் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். நீரோட்டம் இடையில் மாறினால் மூன்று புள்ளிகளையும் ஒரே கோட்டில் வைக்க முடியாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோலாலம்பூர்:

‘நீக்கம்’ பொருந்தாது என்பது இப்போது தெளிவாகிறது, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘பற்று’ என்றதும் நம் கடைக்காரர்களுக்குப் பற்று வரவுக் கணக்குத்தான் நினைவுக்கு வரும். ‘கவர்வுத் தொலைவு’ என்று வைத்தால் அந்தக் குழப்பம் இராது.

ஆய்வு மாணவி, பினாங்கு:

‘கவர்வு’ என்றால் காந்தக் கவர்ச்சியைப் போலத் தொலைவிலிருந்தே இழுப்பதாகத் தோன்றுகிறது, ஐயா. இங்கே நீர் படுகையைத் தொட்டால்தான் பிடிப்பு நடக்கிறது. கட்டுரையில் சுருளோட்டம், பற்றுத் தொலைவு, விடுகைத் தொலைவு என்றே எழுதி, முதல் இடத்தில் பொருளையும் விளக்கிவிடுகிறேன். மூன்றாவது சேர்க்கையில் சராசரி 15 மைக்ரோகிராம் அளவில் அமையும்படி விட எண்ணியிருக்கிறேன். கோடு உண்மையிலேயே நேரானதாக இருந்தால் அங்கே 112 மீட்டர் வர வேண்டும்.